நூடுல்ஸ் ஒட்டாமல் உதிரியாக வர: தண்ணீர், உப்பு, அலசுவது பற்றி

கேள்வி: நூடுல்ஸ், பாஸ்தா எதை வேகவைத்தாலும் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்? உப்பும் எண்ணெயும் போட்டால் ஒட்டாது என்கிறார்களே, உண்மையா? வெந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசலாமா, கூடாதா?

அடுத்த முறை கட்டி விழுந்தால் அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் கையால் பிய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று இழைகள் சேர்ந்து ஒரே தடியாகி, நடுவில் வெள்ளையாக, கடித்தால் நறுக்கென்று இருந்தால் அது கொதிநீரில் போட்ட முதல் இரண்டு நிமிடத்தில் ஒட்டியது. இழைகள் ஒழுங்காக வெந்து, மேலே மட்டும் காய்ந்த பசைபோல் பிடித்திருந்தால் அது வடித்த பிறகு ஒட்டியது. ஓரங்கள் சிதைந்து கூழாக இருந்தால் அதிகம் வெந்துவிட்டது. தண்ணீர் அளவு, உப்பு, அலசல் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிப் பார்ப்பதைவிட, உங்களுடையது இதில் எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதல் ரகம்தான் அதிகம். கோதுமை மாவில் இருக்கும் மாவுச்சத்து, சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தண்ணீரைக் குடித்து வீங்கிப் பசையாகிறது. காய்ந்த நூடுல்ஸை கொதிநீரில் போட்டதும் இழையின் மேல்பரப்புதான் முதலில் இந்த நிலைக்கு வரும். உள்ளே இன்னும் கல்லாக இருக்கும், வெளியே பசை பூசியதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு இழைகள் அசையாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் ஒட்டி, அப்படியே சேர்ந்து வெந்துவிடும். ஒட்டிய இடத்துக்குள் தண்ணீர் சரியாகப் போகாததால்தான் நடுவில் வேகாத வெள்ளை நிற்கிறது. இரண்டு நிமிடம் கடந்துவிட்டால், மேலே இருந்த தளர்ந்த மாவுச்சத்தில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து போயிருக்கும். அதற்குப் பிறகு தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒட்டுவது குறைவு. ஆக, ஒட்டாமல் இருப்பதில் பெரும்பங்கு அந்த முதல் இரண்டு நிமிடம் கிளறுவதில் இருக்கிறது. போட்டுவிட்டு அடுப்பை விட்டு நகர்ந்தால் எவ்வளவு தண்ணீர் வைத்தும் பயனில்லை.

தண்ணீர் அளவுக்குப் பழைய கணக்கு 100 கிராமுக்கு 1 லிட்டர். அது நல்ல கணக்குதான். தண்ணீர் நிறைய இருந்தால் நூடுல்ஸைப் போட்டதும் கொதி அதிகம் அடங்காது, இழைகள் புரள இடம் இருக்கும், கரையும் மாவுச்சத்தும் நீர்த்துப் போகும். ஆனால் இது கட்டாய விதி அல்ல. விடாமல் கிளற முடிந்தால் 100 கிராமுக்கு 600 மில்லி வைத்தும் ஒட்டாமல் வேகவைக்கலாம். பாஸ்தாவுக்கு அதில் ஒரு லாபமும் உண்டு: வடிக்கும் தண்ணீர் கெட்டியாக இருக்கும், சாஸ் நன்றாகப் பிடிக்கும். நீண்ட ஸ்பாகெட்டிக்கும் புதிதாகப் பிசைந்த, மாவு தூவிய நூடுல்ஸுக்கும் மட்டும் தண்ணீரில் சிக்கனம் வேண்டாம். புதிய நூடுல்ஸில் தூவிய மாவை உதறிவிட்டுப் போடுங்கள். அந்த உதிரி மாவுதான் தண்ணீரைக் கஞ்சியாக்குகிறது. பாத்திரம் உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது.

உப்பு ஒட்டுவதைத் தடுக்காது. அது ருசிக்காக மட்டுமே. உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும் என்பதும் பெயரளவுக்குத்தான்: லிட்டருக்கு 10 கிராம் போட்டால் கொதிநிலை கால் டிகிரிகூட உயராது. ஆனால் வேகும்போது உள்ளே போகும் உப்பின் ருசி, பிறகு மேலே தூவினால் வராது. லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு, அதாவது 7 முதல் 9 கிராம், போதும். உப்பைத் தண்ணீரின் அளவுக்குப் போட வேண்டும், நூடுல்ஸின் எடைக்கு அல்ல. தண்ணீரைக் குறைத்தால் உப்பையும் அதே விகிதத்தில் குறையுங்கள். சோயா சாஸ் ஊற்றி வதக்கப் போகிறீர்கள் என்றாலோ, பொட்டலத்தின் பொருள் பட்டியலில் உப்பு ஏற்கெனவே இருந்தாலோ பாதி போதும்.

கொதிநீரில் எண்ணெய் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை, ஆனாலும் எல்லோரும் ஊற்றுகிறார்கள். எண்ணெய் மேலே மிதக்கிறது, நூடுல்ஸ் கீழே வேகிறது. ஒட்டுகிற அந்த இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கும் சந்திப்பே இல்லை. நுரை பொங்குவதைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். வடிக்கும்போது இழைமேல் படிந்து, பாஸ்தாவில் சாஸ் வழுக்கி ஓடவும் காரணமாகும்.

இனி ஒரு அளவை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். வதக்குவதற்காக 200 கிராம் காய்ந்த கோதுமை நூடுல்ஸ், பொட்டலத்தில் 5 நிமிடம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள்.

அகலமான பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரை மூடிவைத்துக் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் குமிழி வருவது போதாது, நடுவிலும் தளதளவென்று புரள வேண்டும். மூடியை எடுத்து, சோயா சாஸ் பின்னால் வருவதால் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, நூடுல்ஸை இறக்குங்கள். சதுரக் கட்டியாக வரும் நூடுல்ஸ் என்றால் உடனே கரண்டியால் குத்தாதீர்கள், இழை ஒடியும். அரை நிமிடம் விட்டால் அடிப்பக்கம் தளரும். அப்போது திருப்பிப் போட்டு, முள்கரண்டியையோ இடுக்கியையோ நடுவில் விட்டு, கீழிருந்து மேலே தூக்கித் தூக்கிப் பிரியுங்கள். வட்டமாகச் சுற்றிக் கிளறினால் இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். இரண்டு நிமிடம் வரை கையை எடுக்க வேண்டாம். அதன்பின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். மூடி போட வேண்டாம், பொங்கும்.

மூன்றரை நிமிடத்தில் ஓர் இழையை எடுத்து நகத்தால் கிள்ளி, வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெண்புள்ளி இருந்தால் வடிக்கும் நேரம் வந்துவிட்டது. புள்ளி பெரிதாக இருந்தால் இன்னும் அரை நிமிடம். புள்ளியே இல்லை என்றால் வதக்குவதற்குக் கொஞ்சம் தாண்டிவிட்டது, உடனே வடியுங்கள். வாணலியில் மறுபடி சூடு படப் போவதால் இங்கே முழுக்க வேகவைக்கக் கூடாது.

வடித்த கையோடு குழாயடியில் பிடித்து, குளிர்ந்த நீர் ஓட ஓட விரல்களால் தூக்கிவிட்டு அலசுங்கள். மேலே தொட்டால் சில்லென்று இருப்பது போதாது. குவியலின் நடுவில் கைவிட்டுப் பார்த்தால் அங்கேயும் சூடு இருக்கக் கூடாது. சூடு மிச்சமிருந்தால் நடுப்பகுதி தன் சூட்டிலேயே தொடர்ந்து வெந்து குழையும். வடிகிற நீர் பால்போல் இல்லாமல் தெளிந்ததும் நிறுத்துங்கள். நன்றாக உதறி, அகலத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஈரம் போக விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு வாணலியில் போட்டால் வதங்காது, ஆவியில் அவியும், மறுபடி பசை கிளம்பும். ஈரம் வற்றியதும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு விரல்களால் பிசிறுங்கள். எண்ணெய்க்கு உரிய இடம் இதுதான். 200 கிராம் வெந்தபின் அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். வீட்டு அடுப்பில் அதை ஒரே தடவையில் கொட்டினால் வாணலி ஆறிவிடும். இரண்டு பங்காக, பெரிய தீயில் வதக்குங்கள்.

சூடான சாஸில் கலக்கும் பாஸ்தாவுக்குக் கதை தலைகீழ். அங்கே அலசக் கூடாது. மேலே இருக்கும் மாவுச்சத்துதான் சாஸை இழையோடு பிடித்து வைக்கிறது. அலசினால் பாஸ்தா ஆறியும் போகும், சாஸ் தட்டின் அடியில் தேங்கியும் நிற்கும். அப்படியானால் ஒட்டாதா என்றால், வடிகட்டியில் காத்துக் கிடந்தால் ஒட்டும். மேலே உள்ள ஈரம் ஆவியாகப் போகப் போகப் பசை இறுகும், ஐந்து நிமிடத்தில் வடிகட்டியின் வடிவத்திலேயே ஒரு கட்டி கிடைக்கும். இதற்கு வழி சாஸை முதலில் தயாராக வைத்துக்கொள்வது. பாஸ்தா சாஸுக்காகக் காத்திருக்கக் கூடாது, சாஸ் காத்திருக்கலாம். பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு ஒன்றரை நிமிடம் முன்பே, வேகவைத்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொண்டு, பாஸ்தாவை வடித்து நேராகச் சாஸில் போடுங்கள். அந்தத் தண்ணீரில் மூன்று நான்கு மேசைக்கரண்டி விட்டு, நடுத்தரத் தீயில் ஒரு நிமிடம் புரட்டினால் சாஸ் இழையில் பூசினாற்போல் பிடிக்கும். இறுகினால் இன்னும் கொஞ்சம் விடலாம். அந்தத் தண்ணீரிலேயே உப்பு இருப்பதால் சாஸில் உப்பை முதலில் குறைத்தே போடுங்கள். குளிர்ந்த பாஸ்தா சாலட் மட்டும் விதிவிலக்கு: அதற்கு அலசலாம், எண்ணெயும் பிசிறலாம்.

அரிசி நூடுல்ஸில் குளுட்டன் இல்லாததால் கொதிக்கும் நீரில் கிளறிக்கொண்டே இருந்தால் எளிதில் ஒடிந்து குழையும். மெல்லியதாக இருந்தால் அடுப்பை அணைத்து, கொதித்த நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வளையும் பதத்தில் எடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். இதை வதக்குவதானாலும் சூப்பில் போடுவதானாலும் அலசல் கட்டாயம்.

ஏற்கெனவே ஒட்டிப்போனதைக் காப்பாற்றலாமா என்றால், வடித்தபின் ஒட்டியதைக் காப்பாற்றலாம். கொதிக்கும் நீரில் பதினைந்து இருபது நொடி முக்கி, முள்கரண்டியால் பிரித்து, உடனே சாஸிலோ எண்ணெயிலோ புரட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுக்கும் நூடுல்ஸ் பலகைபோல் இருப்பதும் இதில் சேர்த்திதான். ஆறிய மாவுச்சத்து இறுகியிருக்கிறது, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் தளரும். ஆனால் முதல் இரண்டு நிமிடத்தில் தடியாக ஒட்டியது பிரியாது. பிரியும்வரை வேகவைத்தால் சுற்றியுள்ள நல்ல இழைகளும் குழைந்துவிடும். அந்தத் தடிகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள்.