ஊர் திரும்பியபிறகும் என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லையா?

கேள்வி: துபாயில் 11 வருஷமாக வேலை. அக்டோபர் 1 முதல் திருச்சியிலேயே தங்கிவிடப் போகிறேன். ஏப்ரலில் 20 லட்சம் ரூபாயை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ டெபாசிட்டில் ஒரு வருஷத்துக்குப் போட்டேன். முதிர்வு வரை வட்டிக்கு வரி கிடையாது என்கிறார் வங்கிக்காரர். சரிதானா?

பதில்: இல்லை. வரிவிலக்கு டெபாசிட்டுக்கு இல்லை, நீங்கள் வெளிநாட்டில் வசிக்கிறீர்கள் என்பதற்கு. அதை முடிவு செய்வது வருமான வரிச் சட்டத்தின் 182 நாள் கணக்கும் அல்ல, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா. இனி இங்கேதான் என்று வந்து இறங்கிய நாளிலிருந்தே ஃபெமாவின்படி நீங்கள் உள்ளூர்க்காரர்.

அரசு எதற்காக இந்தச் சலுகையைக் கொடுத்தது என்று பார்த்தால் இது புரியும். 1970-ல் என்ஆர்இ கணக்கு வந்தபோது நாட்டில் அந்நியச் செலாவணிக்குப் பெரிய தட்டுப்பாடு. வெளியே சம்பாதிக்கிறவர்கள் பணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளாமல் இங்கே அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு தூண்டில் வேண்டும். வட்டிக்கு வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப் போகலாம் என்பதுதான் அந்தத் தூண்டில். உள்ளூர் வாடகை, பென்ஷன் எல்லாம் போய்ச் சேரும் என்ஆர்ஓ கணக்கின் வட்டிக்கு இந்தச் சலுகை இல்லாததும் அதனால்தான், அந்தப் பணத்தால் புதிதாக ஒரு டாலரும் உள்ளே வருவதில்லையே. நீங்கள் திரும்பிவிட்டால் உங்களை இழுக்க வேண்டிய தேவையும் முடிந்துவிடுகிறது.

உங்கள் கணக்கையே பார்ப்போம். வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கூட்டு வட்டியை விட்டுவிட்டால் வருஷத்துக்கு 1,40,000 ரூபாய். செப்டம்பர் வரையிலான பாதிக்கு வரி இல்லை. மீதி 70,000 சுமார், அது உங்கள் மொத்த வருமானத்தில் சேரும். நீங்கள் சொல்லாதவரை வங்கிக்குத் தெரியாது, டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது, ரிட்டர்னில் நீங்களே காட்ட வேண்டும். வந்தவுடன் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, கணக்கை உள்ளூர்க் கணக்காகவோ, திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு, ஆனால் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டும். டாலரில் போடும் எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டை, திரும்பிய பிறகும் முதிர்வு வரை அதே வட்டியில் வைத்திருக்கலாம். அதன் வட்டிக்கு, வருமான வரிச் சட்டம் உங்களை 'ஆர்என்ஓஆர்', அதாவது இங்கே வசித்தாலும் இன்னும் முழு உள்ளூர்க்காரர் ஆகாதவர், என்று கருதும்வரை வரி இல்லை. இத்தனை வருஷம் வெளியே இருந்த உங்களுக்கு அந்த நிலை பெரும்பாலும் இரண்டு வருஷமாவது கிடைக்கும். என்ஆர்இ வட்டிக்கு ஆர்என்ஓஆர் நிலை உதவாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டாலர் டெபாசிட்டுக்கு வட்டி பொதுவாகக் குறைவு, அதனால் இருக்கிற பணத்தை எல்லாம் அதில் கொட்டச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒன்று. துபாயில் தனிநபர் வருமான வரி இல்லாததால் உங்களுக்கு இந்தியாவின் விலக்கு முழுதாகப் பயன்பட்டது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது இதைப் பார்த்து என்ஆர்இ-யில் போட்டால், இங்கே வரி இல்லாவிட்டாலும் அங்கே அந்த வட்டியைக் காட்டி வரி கட்டியே ஆக வேண்டும்.