எஸ்எம்ஆர் டிஸ்க் பாதி காப்பியில் படுத்துக்கொள்வது ஏன்? (கேள்வி பதில்)

கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர்: அண்ணா, 5 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க். மூன்று வருடமாக அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று 300 ஜிபி போட்டோ காப்பி போட்டேன். முதல் 60 ஜிபி 110 எம்பி வேகத்தில் பறந்தது. அப்புறம் 10 எம்பிதான், நடுநடுவே பூஜ்யம். டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை. உங்களுடையது எஸ்எம்ஆர் டிஸ்க். 2.5 அங்குல எக்ஸ்டர்னல்களில் பெரிய கொள்ளளவு என்றால் இன்று கிட்டத்தட்ட எல்லாமே அந்த வகைதான்.

எழுதுகிற ஹெட் அகலம், படிக்கிற ஹெட் குறுகல். படிக்க ஒரு மெல்லிய பட்டை தெரிந்தால் போதும் என்பதால், ஒரு ட்ராக்கின் மேல் அடுத்த ட்ராக் ஏறும்படி எழுதிக்கொண்டே போகிறார்கள், நாட்டு ஓடு வேய்கிற மாதிரி. அதே தட்டில் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் நடு வரிசையில் ஓர் ஓடு உடைந்தால் அதன் மேல் ஏறியிருப்பதையும் கழற்றித்தானே மாற்ற வேண்டும்? இங்கேயும் அப்படித்தான். ட்ராக்குகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டின் நடுவில் 1 எம்பி மாறினாலும், மொத்தக் கட்டையும் படித்து, மாற்றி, திரும்ப எழுதியாக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் யாரும் அந்த டிஸ்க்கை வாங்க மாட்டார்கள். அதனால் தட்டின் ஒரு பகுதியை மேலே ஏறாத சாதாரண ட்ராக்குகளாகவே விட்டுவைக்கிறார்கள். வருவதை எல்லாம் வந்த வரிசையில் அங்கே கொட்டிவிட்டு, டிஸ்க் சும்மா இருக்கும்போது எடுத்து உரிய கட்டில் அடுக்கும். அந்தக் கிடங்கு உங்கள் டிஸ்க்கில் ஏறத்தாழ 60 ஜிபி போலிருக்கிறது. அது நிறைந்ததும், புதிதாக ஒன்றை வாங்க வேண்டுமென்றால் பழையதை எடுத்து அடுக்கிவிட்டுத்தான் வாங்க முடியும். நீங்கள் பார்த்த 10 எம்பி அந்த அடுக்கும் வேலையின் வேகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டின் அளவு மாடலுக்கு மாடல் மாறும். 256 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 150 எம்பி வேகத்தில் படிக்க 1.7 வினாடி, எழுத 1.7 வினாடி, ஹெட் அலைவதையும் சேர்த்தால் 4 வினாடி. மூன்று வருடம் அழித்துப் போட்ட டிஸ்க்கில் காலி இடம் பொத்தல் பொத்தலாக இருக்கும். ஒரு கட்டுக்குள் போக வேண்டிய புது டேட்டா 40 எம்பிதான் என்றால், 4 வினாடிக்கு 40 எம்பி, அதாவது வினாடிக்கு 10 எம்பி. அதே கட்டில் 4 எம்பிதான் மாறுகிறது என்றால் வேகம் 1 எம்பிக்கு இறங்கிவிடும். நீங்கள் எத்தனை ஜிபி எழுதுகிறீர்கள் என்பதை விட, அது எவ்வளவு சிதறி விழுகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

கடையில் சர்வீஸ் பார்ப்பவர்: கேஷ் நிறைகிறது என்பது சரிதான். ஆனால் பெட்டியில் 128 எம்பி கேஷ் என்றுதானே போட்டிருக்கிறது? 60 ஜிபி எங்கிருந்து வந்தது? அதிக கேஷ் உள்ள மாடல் வாங்கினால் தீர்ந்துவிடுமே.

நீங்கள் சொல்வது வேறு கேஷ். பெட்டியில் போட்டிருப்பது சர்க்யூட் போர்டில் இருக்கும் ராம். 100 எம்பி வேகத்தில் அது ஒன்றரை வினாடிகூடத் தாங்காது. நான் சொல்லும் கிடங்கு காந்தத் தட்டிலேயே இருக்கிறது; கரண்ட் போனாலும் அதில் உள்ளது அழியாது. அதன் அளவைப் பெட்டியில் போடுவதில்லை. உண்மையில் எஸ்எம்ஆர் மாடல்களில்தான் ராம் தாராளமாக இருக்கும், சிதறி வருவதை ஒழுங்குபடுத்த அது தேவைப்படுவதால். 256 எம்பி என்று பார்த்து வேகமான டிஸ்க் என்று வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

ஸ்டுடியோக்காரர் மறுபடி: அப்போது 40 ஜிபி போட்டுவிட்டு இடைவெளி விட்டு, மறுபடி 40 ஜிபி போட்டால் வேகமாக முடிந்துவிடுமா?

எல்லோரும் சொல்லும் யோசனை இது. ஆனால் மொத்த நேரம் பெரிதாகக் குறையாது. மேலே போட்ட கணக்கின்படி 40 ஜிபி என்றால் 1,000 கட்டு, கட்டுக்கு 4 வினாடி, ஆக 4,000 வினாடி. அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கொடுத்தால்தான் கிடங்கு காலியாகும். பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்தால் ஆறில் ஒரு பங்கு கூட அடுக்கி முடித்திருக்காது. சராசரி போட்டால் பழைய 10 எம்பிதான் வரும்.

இடைவெளி விடுவதில் வேறு லாபம் இருக்கிறது. டிஸ்க் பல வினாடி பதில் சொல்லாமல் இருந்தால் சில யூஎஸ்பி பெட்டிகள் இணைப்பைத் துண்டித்துவிடும், காப்பி பாதியில் அறுந்துவிடும். அதைத் தவிர்க்கலாம். மாலையில் ஒரு தவணை போட்டுவிட்டு, கேபிளைப் பிடுங்காமல் இரவு முழுக்க விட்டுவிடுங்கள், நீங்கள் தூங்கும்போது அது அடுக்கட்டும். பிடுங்கினாலும் டேட்டா போகாது, பாக்கி வேலை அடுத்த முறை செருகும்போது காத்திருக்கும். லைட் அணைந்திருந்தும் உள்ளே கரகரவென்று ஹெட் ஓடும் சத்தம் கேட்டால், இதுதான் நடக்கிறது.

நேரம் உண்மையாகவே குறைய வேண்டுமென்றால் சிதறலைக் குறைக்க வேண்டும். முழுக் கட்டும் புதுசாக, வரிசையாக வந்தால் பழையதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, அப்படியே எழுதிவிடலாம். உங்களிடம் காலியாக இன்னொரு டிஸ்க் இருந்தால் க்விக் ஃபார்மட் செய்து, ஒவ்வொரு கல்யாணத்தையும் ஒரே பெரிய ஃபைலாகக் கட்டிப் போடுங்கள். விண்டோஸ் 10-லேயே இந்தக் கமாண்ட் இருக்கிறது:

```
tar -cf E:\2024-05-19.tar -C D:\photos 2024-05-19
```

ஒரு போட்டோ வேண்டுமென்றாலும் டாரைத் திறக்க வேண்டியிருக்கும், அது தொந்தரவுதான். அதனால் வருடத்துக்கு ஒன்று என்று கட்டாமல் விசேஷத்துக்கு ஒன்றாகக் கட்டுங்கள்.

பேர் போடாதவர்: நான் என் 4 டிபி எஸ்எம்ஆரில் 3 டிபி படங்களை ஒரே மூச்சில் ஏற்றினேன். வேகம் குறையவே இல்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

புது டிஸ்க், ஒவ்வொன்றும் சில ஜிபி உள்ள ஃபைல்கள், அப்படித்தானே? வரிசையாக வருவதைக் கண்டுகொண்டு சில ஃபர்ம்வேர்கள் கிடங்குக்கே போகாமல் நேராகக் கட்டில் எழுதிவிடும். நான் சொன்னதற்கு உங்கள் டிஸ்க்கே சாட்சி. அதில் 1 டிபி அழித்துவிட்டு, பொத்தல்களில் சின்ன ஃபைல்களைப் போட்டுப் பாருங்கள்.

லேப்டாப் வாங்கியவர்: என் எஸ்எஸ்டியும் 80 ஜிபிக்கு மேல் போனால் சரிகிறது. அதுவும் எஸ்எம்ஆரா?

இல்லை. எஸ்எஸ்டியில் ட்ராக்கே கிடையாது. க்யூஎல்சி வகையில் முதலில் வேகமான முறையில் வாங்கிவைத்து அப்புறம் நெருக்கி அடுக்குவார்கள். அறிகுறி ஒன்றுபோல இருக்கும், நோய் வேறு. அதைத் தனியாகக் கேளுங்கள்.

வீட்டில் நாஸ் ஓட்டுபவர்: நான்கு 4 டிபி டிஸ்க், இசட்எஃப்எஸ். ஒன்று செத்தது. விலை குறைவு என்று எஸ்எம்ஆர் ஒன்றைப் போட்டேன். ரீசில்வர் நான்காவது நாளாக ஓடுகிறது. விட்டுவிடவா?

இன்னொரு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பா என்று முதலில் பாருங்கள். தாங்காது என்றால் முக்கியமானதை இப்போதே வெளியே எடுத்துவிட்டு, ட்ராக்குகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க் ஒன்றை வாங்கி மாற்றுங்கள். ரீசில்வர் என்பது செத்த டிஸ்க்கில் இருந்ததை மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதுவது; ஓய்வே கொடுக்காத, சிதறி விழும் எழுத்து. எஸ்எம்ஆருக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது.

2020-ல் இது பெரிய சண்டையாகவே நடந்தது. நாஸுக்கென்று விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் இருப்பதை அந்த ஏப்ரலில்தான் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அப்போது ஒருவர் செய்த சோதனையில் அந்த வரிசையின் எஸ்எம்ஆர் மாடலான `WD40EFAX` ரீசில்வர் முடிய ஒன்பது நாளுக்கு மேல் எடுத்தது. கூடச் சோதித்த சிஎம்ஆர் டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்துவிட்டன. அப்புறம் சிஎம்ஆர் மாடல்களை ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயரில் பிரித்தார்கள்.

லினக்ஸில் கமாண்டுக்கு 30 வினாடி கெடு. டிஸ்க் அதற்குள் பதில் சொல்லாவிட்டால் இணைப்பை ரீசெட் செய்யும், பிறகு டிஸ்க் கெட்டுவிட்டது என்று ரெய்டு அதை வெளியே தள்ளும். `dmesg`-ல் ரீசெட் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். `/sys/block/sdb/device/timeout`-ல் கெடுவை 180 ஆக்கினால் வெளியே தள்ளுவதைத் தடுக்கலாம், வேகம் கூடாது.

கடையில் சர்வீஸ் பார்ப்பவர் மறுபடி: மெதுவாகிவிட்ட எஸ்எம்ஆரை ஃபுல் ஃபார்மட் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும். நான் பலருக்கும் அதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

பாதி சரி. ஃபுல் ஃபார்மட் முழுக்கப் பூஜ்யம் எழுதும். வரிசையாக எழுதுவதால் உள்ளே அடுக்கு ஒழுங்காகும். ஆனால் டிஸ்க்கைப் பொறுத்தவரை பூஜ்யமும் டேட்டாதான். இடம் காலி என்று அதற்குத் தெரியாது, 5 டிபியும் நிறைந்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். காலி என்று சொல்லும் மொழி ட்ரிம். எஸ்எஸ்டிக்கு மட்டும்தான் அது என்று நினைப்போம். சில எஸ்எம்ஆர் டிஸ்க்குகளும் ஏற்கும்.

```
sudo smartctl -i -d sat /dev/sdb
```

இதில் `Rotation Rate: 5400 rpm` என்றும், கூடவே `TRIM Command: Available` என்றும் வந்தால் அது எஸ்எம்ஆர் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். சுழலும் டிஸ்க்குக்கு ட்ரிம் வேறு எதற்கு? என்டிஎஃப்எஸ் என்றால் பவர்ஷெல்லில் இதைக் கொடுத்து, சில மணி நேரம் சும்மா விடுங்கள்:

```
Optimize-Volume -DriveLetter E -ReTrim -Verbose
```

ட்ரிம் வரி இல்லை என்பதால் சிஎம்ஆர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ட்ரிம்மே ஏற்காத எஸ்எம்ஆர் மாடல்களும் நிறைய இருக்கின்றன, யூஎஸ்பி பெட்டி அதை மறைத்துவிடுவதும் உண்டு.

வாங்கப் போகிறவர்: அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

தயாரிப்பாளர்கள் இப்போது மாடல் வாரியாகப் பட்டியல் போடுகிறார்கள், அதுதான் முதல் வழி. கையில் இருக்கும் டிஸ்க் என்றால் சிதறலாக எழுதிப் பாருங்கள்:

```
fio --name=t --filename=/mnt/e/t.dat --size=200G \
 --rw=randwrite --bs=64k --direct=1 \
 --time_based --runtime=3600
```

சிஎம்ஆர் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக, ஒரே சீராக ஓடும். பாவம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஹெட் நகர வேண்டும். எஸ்எம்ஆர் முதலில் சந்தேகப்படும் அளவுக்கு வேகமாக ஓடும், வந்ததை எல்லாம் கிடங்கில் வரிசையாகக் கொட்டுவதால். பிறகு ஒரு கட்டத்தில் அதலபாதாளத்துக்குப் போகும். கிடங்கு பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரம் போதாது, நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோக்காரர், இரண்டு நாள் கழித்து: அண்ணா, காலி டிஸ்க்கில் டாராகக் கட்டிப் போட்டேன். 300 ஜிபி 55 நிமிடத்தில் முடிந்தது! ஆனால் 180 ஜிபி தாண்டியதும் இரண்டு நிமிடம் அப்படியே நின்று, திரும்ப ஓடியது. ஏன்?

சராசரி 90 எம்பி, அந்த டிஸ்க்குக்கு நல்ல வேகம். நின்ற இரண்டு நிமிடம் ஃபைல் சிஸ்டம் தன் கணக்குப் புத்தகத்தை வேறிடத்தில் எழுதப் போய் கிடங்கைக் கிளறியதாக இருக்கலாம், டி டிரைவ் படிப்பதில் திணறியதாகவும் இருக்கலாம். அடுத்த முறை டாஸ்க் மேனேஜரில் இரண்டு டிஸ்க்கையும் திறந்து வைத்திருங்கள். நிற்கும்போது எது 100 சதவீதத்தில் இருக்கிறது என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.