வேர்டில் தமிழ்ப் பத்தியை ஜஸ்டிஃபை செய்தால் விழும் ஓட்டைகள்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் மலரை நானே வேர்டில் அடிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு காலம். ஜஸ்டிஃபை கொடுத்தால் சில வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை. சில இடங்களில் வரி கண்ட இடத்தில் உடைகிறது. ஆங்கிலப் பத்தி மட்டும் ஒழுங்காக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

குன்னூரில் டிடிபி வேலை செய்கிறேன். ஹெத்தையம்மன் திருவிழா நோட்டீஸ், சர்ச் இதழ், சங்கத்துச் சுற்றறிக்கை என்று எல்லாவற்றிலும் இந்த ஓட்டையோடுதான் பிழைப்பு ஓடுகிறது.

முதலில் காரணம். ஜஸ்டிஃபை என்றால், வரியில் மிஞ்சிய இடத்தை வேர்ட் அந்த வரியின் சொல் இடைவெளிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். A4 தாளில் இரு பக்கமும் 2 செ.மீ. ஓரம் விட்டு, நடுவில் 1 செ.மீ. இடைவெளி வைத்தால், ஒரு காலத்துக்குக் கிடைப்பது 8 செ.மீ. அதில் ஆங்கிலம் என்றால் ஏழெட்டுச் சொல் உட்காரும். 12 பாயின்ட் தமிழில் பெரும்பாலும் இரண்டு, மூன்று சொல்தான். மிஞ்சியது 2 செ.மீ. என்று வையுங்கள். ஏழு சொல் வரியில் அது ஆறு இடைவெளிக்குப் பிரிந்து போகும், ஒன்றுக்கு 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். இரண்டு சொல் வரியில் முழு 2 செ.மீ.யும் ஒரே இடைவெளியில் வந்து விழும். நீங்கள் பார்க்கிற ஓட்டை அதுதான்.

ஆங்கிலத்தில் நீளமான சொல் வந்தால் ஹைஃபன் போட்டுப் பிரிக்க வேர்டுக்குத் தெரியும். `Layout > Hyphenation > Automatic` கொடுத்துப் பாருங்கள், ஆங்கிலச் சொற்களை மட்டும் பிரிக்கும், தமிழ்ச் சொல்லைத் தொடாது. வேர்டைப் பொறுத்தவரை தமிழ் வரி உடையக்கூடிய இடம் இரண்டே: ஸ்பேஸ், ஹைஃபன். ‘மேட்டுப்பாளையத்திலிருந்து’ என்பது உடைக்க முடியாத ஒரே கட்டி. அந்த இடங்களை நாம்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் கொஞ்சம் துப்புரவு. `Ctrl+Shift+8` அழுத்துங்கள், கண்ணுக்குத் தெரியாத குறிகள் எல்லாம் தெரியும். வரிக் கடைசியில் வளைந்த அம்புக்குறி (↵) இருந்தால் அங்கே யாரோ `Shift+Enter` தட்டியிருக்கிறார்கள். ஜஸ்டிஃபை ஆன பத்தியில் அப்படி முடிகிற வரியில் இரண்டே சொல் இருந்தாலும் வேர்ட் அதை ஓரம்வரை இழுத்து நீட்டும். பத்தியின் கடைசி வரியை மட்டும்தான் அது விட்டுவைக்கும். உங்கள் மலரில் மிக மோசமாகத் தெரிகிற வரிகளில் பாதி இதுவாகவே இருக்கும். `Ctrl+H` திறந்து `Find what` பெட்டியில் `^l` (சின்ன எல்), `Replace with` பெட்டியில் ஒரு ஸ்பேஸ் கொடுத்து மாற்றுங்கள். `Replace All` வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் முகவரியும் கவிதையும் ஒரே வரியில் சேர்ந்துவிடும். கவிதைக்கு எப்படியும் ஜஸ்டிஃபை தேவையில்லை, `Ctrl+L` போதும்.

அடுத்து, சொற்களுக்கு நடுவே புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம் (°) தெரிகிறதா? அது உடையாத ஸ்பேஸ். இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிய கட்டுரைகளில் நிறைய வரும். இரண்டு சொல்லையும் ஒன்றாக ஒட்டிவைத்து, சேர்ந்தே கீழே இறக்கிவிடும். `^s` என்று தேடிச் சாதாரண ஸ்பேஸாக மாற்றுங்கள். இதில் `Replace All` கொடுக்கலாம்.

பழைய மாணவர் யாராவது பாமினியில் அடித்து அனுப்பியிருந்தால் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் ‘தமிழ்’ என்பது உள்ளே `jkpo;` என்றுதான் இருக்கிறது. புள்ளி எழுத்தின் புள்ளியே வேர்டுக்கு வெறும் அரைப்புள்ளி. அதை வைத்துக்கொண்டு வரி உடைவதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண்.

சரி, இப்போது அசல் வேலை. உங்கள் மலரில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு மலைரயிலில் வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.’

8 செ.மீ. காலத்தில் முதல் வரியில் ‘நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து’ மட்டும் ஏறும். ஒன்றரை செ.மீ. போல மிஞ்சும், இருப்பது ஒரே இடைவெளி. இரண்டாம் வரியில் ‘உதகமண்டலத்துக்கு மலைரயிலில்’ ஏறும். ‘வந்துகொண்டிருந்தபோது’ ஏறாது. அங்கேயும் ஒரு ஓட்டை. எழுத்துருவைப் பொறுத்துக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும்.

முதலில் நான் பார்ப்பது, இலக்கணம் அனுமதிக்கிற இடத்தில் ஸ்பேஸ் விட முடியுமா என்பதை. ‘வந்துகொண்டிருந்தபோது’ என்பதை ‘வந்து கொண்டிருந்தபோது’ என்று பிரித்தும் அச்சிடுகிறார்கள், சேர்த்தும் அச்சிடுகிறார்கள். பிரித்தால் ‘வந்து’ மேல் வரிக்கு ஏறிக்கொள்ளும். இரண்டு இடைவெளி கிடைக்கும், ஓட்டை காணாமல் போகும். ‘மலைரயிலில்’ என்பதையும் ‘மலை ரயிலில்’ என்று விடலாம். ஆனால் ஒரு இடத்தில் பிரித்தால் மலர் முழுக்கப் பிரிக்க வேண்டும். ஓட்டை விழுந்த வரியில் மட்டும் ‘வந்து கொண்டு’, மற்ற இடத்தில் ‘வந்துகொண்டு’ என்றிருந்தால் உங்கள் தமிழாசிரியர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார். ‘மேட்டுப்பாளையத்தில் இருந்து’ என்று நிறையப் பேர் பிரிக்கிறார்கள். ‘இலிருந்து’ வேற்றுமை உருபு என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

முதல் வரிக்கு இந்த வழி உதவாது. ‘உதகமண்டலத்துக்கு’ என்பதற்குள் ஸ்பேஸ் விட முடியாது. இங்கேதான் அகலமே இல்லாத ஸ்பேஸ் தேவைப்படுகிறது. ‘உதக’ என்பதற்கும் ‘மண்டலத்துக்கு’ என்பதற்கும் நடுவே கர்சரை வையுங்கள். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி `200B` என்று அடித்து, உடனே `Alt+X` அழுத்துங்கள். அடித்த நான்கு எழுத்தும் மறைந்துவிடும். அங்கே உடையலாம் என்று வேர்டுக்கு இப்போது தெரியும். இடம் இருந்தால் ‘உதக’ மேலே ஏறும், ‘மண்டலத்துக்கு’ அடுத்த வரியில் தொடங்கும். பிறகு பத்தி நகர்ந்து அந்தச் சொல் வரியின் நடுவே வந்துவிட்டாலும் ஒன்றும் தெரியாது. சும்மா ஒரு ஸ்பேஸ் தட்டிச் சமாளித்தவர்களின் மலரில்தான் ‘உதக மண்டலத்துக்கு’ என்று நட்டநடு வரியில் இளிக்கும்.

`Ctrl+-` கொடுத்தும் இதையே செய்யலாம், ஆனால் உடைகிற இடத்தில் ஒரு சின்னக் கோடு தெரியும். தமிழ்ப் புத்தகங்களில் சொல்லைக் கோடு போடாமல் பிரிப்பதுதான் கண்ணுக்குப் பழக்கம். அதனால் நான் `200B` பக்கம். ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்றச் சலிப்பாக இருந்தால் இந்தச் சின்ன மேக்ரோவைப் போட்டு, `File > Options > Customize Ribbon` கீழே `Keyboard shortcuts: Customize` வழியாக ஒரு விசை கொடுத்துக்கொள்ளுங்கள்:

```
Sub Pirippu()
    Selection.TypeText ChrW(8203)
End Sub
```

எங்கே பிரிக்கலாம் என்பதற்குப் பெரிய சாத்திரம் இல்லை. அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. ஒற்றை எழுத்தை மேலேயோ கீழேயோ தனியாக விடக் கூடாது. இரண்டு சொல் சேர்ந்த சொல் என்றால் சேர்ந்த இடத்தில் பிரியுங்கள், ஒற்று மேல் வரியோடு போகட்டும்: ‘தேயிலைத்’ மேலே, ‘தோட்டங்களில்’ கீழே. ‘தேயிலை’ மேலே, ‘த்தோட்டங்களில்’ கீழே என்று வந்தால் படிக்கிறவர் தடுக்கி விழுவார். எல்லாச் சொல்லிலும் போட்டுவைக்காதீர்கள். உள்ளே `200B` இருக்கும் சொல்லைத் தேடினால் கிடைக்காது, எழுத்துப்பிழை பார்க்கும்போதும் தொந்தரவு. மொத்தமாக நீக்க வேண்டுமானால் `^u8203` என்று தேடி, `Replace with` பெட்டியைக் காலியாக விட்டு மாற்றிவிடலாம்.

உடையக் கூடாத இடத்தில் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹைஃபன். ‘2005-ஆம் ஆண்டு’ என்பதில் ‘2005-’ மேலேயும் ‘ஆம்’ கீழேயும் போய்விடும். அங்கே சாதாரண ஹைஃபனை எடுத்துவிட்டு `Ctrl+Shift+-` போடுங்கள், உடையாது. ‘ரூ. 500’, ‘18 கி.மீ.’, பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் இவற்றுக்கு நடுவே `Ctrl+Shift+Space`. மேலே மொத்தமாக நீக்கச் சொன்ன அதே வட்டக் குறிதான். இந்த இடங்களில் மட்டும் அதற்கு வேலை உண்டு, அதனால் நீக்குவதை முடித்த பிறகு இதைப் போடுங்கள்.

`Ctrl+Shift+J` என்று இன்னொன்று இருக்கிறது. யாராவது சொன்னாலும் தொடாதீர்கள். அது எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு வரியை நிரப்பும், தமிழ் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் காலத்துக்கு நாலைந்து ஓட்டை மிஞ்சினால், எழுத்தை 11 பாயின்ட் ஆக்கிப் பாருங்கள், அல்லது ஓரத்தை 1.5 செ.மீ. ஆக்குங்கள். காலத்துக்கு அரை செ.மீ. கூடினாலே பல வரி தானாகச் சரியாகும். அதற்கும் அடங்காவிட்டால் ஜஸ்டிஃபையை விட்டுவிட்டு இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும்படி வைப்பதுதான் என் யோசனை. மூன்று காலம் வைத்தால் வேறு வழியே இல்லை.

வரிசை முக்கியம். எழுத்துரு, அளவு, ஓரம், படங்கள், பிழைதிருத்தம் எல்லாம் முடிந்த பிறகே வரி வரியாகப் பாருங்கள், அதையும் பத்தியின் மேலிருந்து கீழாக. மேல் வரியில் ஒரு சொல் ஏறினால் கீழே எல்லாம் நகரும். கீழிருந்து ஆரம்பித்தால் பாதி உழைப்பு வீண்.

அச்சகத்துக்கு வேர்ட் ஃபைலை அனுப்பாதீர்கள். நீங்கள் லதாவில் அடித்திருப்பீர்கள். விண்டோஸ் 10-இல் அது தனியாக நிறுவ வேண்டிய எழுத்துரு. அவர்கள் கணினியில் இல்லாவிட்டால் நிர்மலாவோ வேறு ஏதோ வந்து உட்காரும், அகலம் மாறும், நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிரித்த வரியெல்லாம் கலைந்துவிடும். உங்கள் கணினியிலேயே `File > Save As` போய் `PDF` ஆக்கி, அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.