பந்தின் கோடு சொல்லும் வேகம்

“மயிலாப்பூர் வீட்டு மாடியிலிருந்து டென்னிஸ் பந்தை விழவிட்டு, 3 மீட்டர் கீழே 1/60 நொடியில் படமெடுத்தேன். மங்கல் கோட்டின் நீளம் 230 பிக்சல், அகலம் 80. வேகம் நொடிக்கு 11.6 மீட்டர் வருகிறது. எங்கே தவறு?”

நண்பரே, கோட்டின் நீளத்திலிருந்து பந்தின் விட்டத்தைக் கழிக்கவில்லை. ஷட்டர் திறந்த கணத்திலேயே பந்து 80 பிக்சலை அடைத்திருந்தது. நகர்ந்தது 150 பிக்சல்தான். அகலமே உங்கள் அளவுகோல்: 80 பிக்சல் என்பது 6.7 செ.மீ. ஆகவே நகர்ந்த தூரம் ஏறத்தாழ 12.6 செ.மீ., வேகம் நொடிக்கு 7.5 மீட்டர்.

3 மீட்டர் விழுந்த பந்துக்குக் கணக்குப்படி 7.7 வர வேண்டும். அந்தக் கணக்கு காற்றுத் தடையைச் சேர்க்காதது; அந்தச் சிறு குறைக்கு அதுவே முக்கியக் காரணமாகலாம். கோட்டின் நுனிகளாலும் சிறிது குறை வரலாம். அங்கே பந்து சிறிது நேரமே இருப்பதால் நுனி மங்கிவிடும், நாம் குறைத்து அளந்துவிடுவோம். கறுப்புத் துணியைப் பின்னணியாகக் கட்டி எடுத்துப் பாருங்கள். நுனி தெளிவாகத் தெரியும்.