டப்பா, ட்யூப், ஏர்லெஸ் பம்ப்: ரெட்டினால் க்ரீம் எதில் கெடாமல் இருக்கும்?

கேள்வி: 0.3 சதவீத ரெட்டினால் க்ரீமை 50 கிராம் டப்பாவில் வாங்கினேன். விரல் படாமல் சிறு கரண்டியால்தான் எடுக்கிறேன். இரண்டு மாதத்தில் பாதி தீர்ந்திருக்கும்போதே மேற்பரப்பு நிறம் மாறிவிட்டது. கரண்டி போதாதா?

பதில்: கரண்டி தடுப்பது விரலோடு வரும் ஈரத்தையும் கிருமிகளையும் மட்டுமே, அதுவும் ஒவ்வொரு முறையும் கழுவி, நன்கு உலர்ந்த பிறகு பயன்படுத்தினால்தான். காற்றை அதனால் தடுக்க முடியாது, ரெட்டினாலோ காற்றிலுள்ள ஆக்சிஜனால் சிதையக்கூடியது. உங்கள் டப்பாவையே கணக்கிட்டுப் பார்ப்போம். மீதமிருக்கும் 25 கிராம் க்ரீமில் சுமார் 75 மில்லிகிராம் ரெட்டினால் இருக்கும். அதற்கு மேலே உள்ள வெற்றிடத்தை ஏறக்குறைய 25 மில்லி காற்று நிரப்பியிருக்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால், அதில் சுமார் 7 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. எடையில் இது சிறிதாகத் தெரிந்தாலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் பார்த்தால், எஞ்சியுள்ள ரெட்டினால் மூலக்கூறுகள் பத்துக்கு எட்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்த வெற்றிடத்திலேயே காத்திருக்கின்றன. அவை அனைத்தும் ஒரே நாளில் வினைபுரிவதில்லை. க்ரீமுக்குள் ஆக்சிஜன் மெதுவாகத்தான் ஊடுருவும், தயாரிப்பாளர் சேர்த்திருக்கும் வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் இரவுதோறும் மூடியைத் திறக்கும்போது அந்தக் காற்று புதுப்பிக்கப்படுகிறது. க்ரீம் குறையக் குறைய வெற்றிடமும் பெரிதாகிறது. ரெட்டினால் இயல்பிலேயே மஞ்சள் நிறமுடையது என்பதால், நிறத்தை மட்டும் கொண்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மேலாகச் சிறிது வழித்துப் பாருங்கள்: அடியில் வெளிறியும் மேலே கருத்தும் இருந்தாலோ, பழைய எண்ணெயின் காறல் வாடை வந்தாலோ, அது ஆக்சிஜனேற்றமே.

கேள்வி: பம்ப் வைத்த பாட்டில்கள் எல்லாமே ஏர்லெஸ் தானா?

பதில்: இல்லை. சாதாரண லோஷன் பம்பில் அடிவரை நீளும் உறிஞ்சுகுழாய் இருக்கும். வெளியேறும் லோஷனின் இடத்தை நிரப்ப, பம்பின் கழுத்து வழியாக வெளிக்காற்று லோஷன் இருக்கும் அறைக்குள்ளேயே நுழையும். விரல் படாது என்ற நன்மை மட்டுமே அதில் உண்டு. ஏர்லெஸ் பாட்டிலில் உறிஞ்சுகுழாய் கிடையாது. க்ரீமுக்கு அடியில் ஒரு பிஸ்டன் தட்டு இருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது சிறிது மேலேறும், பாட்டிலின் அடித்துளை வழியாக வரும் காற்று தட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். சில வகைகளில் தட்டுக்குப் பதிலாக உள்ளே ஒரு பை சுருங்கிக்கொண்டே வரும். சந்தேகமிருந்தால் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துச் சில முறை அழுத்துங்கள். பாதி காலியான சாதாரண பம்ப் காற்றையே உறிஞ்சும். ஏர்லெஸ் வழக்கம்போல் க்ரீமைத் தரும்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. பம்பின் மூக்குப் பகுதியில் தங்கும் ஒரு துளி வெளிக்காற்றைத் தொட்டபடியே இருக்கும். சில நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், முதலில் வரும் கருத்த துளியைத் துடைத்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பூசுங்கள்.

கேள்வி: ஏர்லெஸ் பாட்டிலில் பாதி இருக்கும்போதே க்ரீம் வரவில்லை. திறந்து டப்பாவுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், அப்படிச் செய்தால் அதுவரை காத்துவந்த க்ரீம் முழுவதும் ஒரே நாளில் காற்றையும் பாத்திரத்தையும் தொட்டுவிடும். பெரும்பாலும் பம்புக்குக் கீழே காற்றுக்குமிழி சிக்கியிருக்கும். மூடியுடன் தலைகீழாக உள்ளங்கையில் சில முறை தட்டிக் க்ரீமை பம்பின் பக்கம் இறக்கி, பிறகு நிமிர்த்திப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். அப்போதும் வராவிட்டால் பிஸ்டன் சாய்ந்து சிக்கியிருக்கலாம். கடையில் மாற்றித் தரக் கேளுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் ட்யூப், அலுமினிய ட்யூப் இரண்டில் எது மேல்?

பதில்: ரெட்டினாலுக்கு அலுமினியம்தான் என்பது என் உறுதியான கருத்து. சில ஏர்லெஸ் பாட்டில்களைவிடவும் அதையே நான் விரும்புவேன். பிளாஸ்டிக் ட்யூப்பை அழுத்தி விட்டால் அது பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது வெளிக்காற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். சாதாரண பிளாஸ்டிக்கின் சுவர் வழியாகவும் ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். அலுமினியம் நசுங்கினால் நசுங்கியபடியே நிற்கும், அதன் சுவரில் காற்றோ ஒளியோ புகாது. அடியிலிருந்து மடித்துக்கொண்டே வந்தால் க்ரீமும் வீணாகாது, ஆனால் மடிப்பு கூர்மையாகி விரிசல் விழுந்தால் அந்த வழியே காற்று போகும். பிளாஸ்டிக்தான் கிடைக்கிறது என்றால், அழுத்திய பிடியைத் தளர்த்தாமலேயே மூடியைப் போட்டுவிடுங்கள். ட்யூப்பின் வாயை விரலால் வழிப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த ஈரம் அடுத்த முறை உள்ளிழுபடும் காற்றோடு உள்ளே போகும்.

கேள்வி: அப்படியானால் டப்பாவில் வரும் கிளிசரின், செராமைடு மாய்ஸ்சரைசரையும் தவிர்க்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. இவை காற்றால் எளிதில் சிதைவதில்லை, நியாசினமைடும் அப்படித்தான். அங்கே கவனிக்க வேண்டியது விரல் மட்டுமே. உலர்ந்த கரண்டியால் எடுத்து, திறந்த மூடிச் சின்னத்துக்குள் அச்சிட்டுள்ள மாதக் கணக்குக்குள் தீர்த்துவிடுங்கள்.