டெமோ கிளாஸுக்கு வந்தவர்கள் எங்கே போனார்கள்? – கேள்வி-பதில்

குரூப் 4 கோச்சிங் சென்டர் நடத்துகிறேன். டெமோ கிளாஸுக்கு ஐம்பது பேர் பெயர் கொடுத்தால் ஏழெட்டுப் பேர்தான் சேர்கிறார்கள். எங்கே தவறு? – நாமக்கல்

ஐம்பதையும் எட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. நடுவில் நடந்தது தெரிய வேண்டும். டெமோவை இரண்டு நாள் வையுங்கள், இரண்டு நாளும் தனித்தனியாக வருகை எடுங்கள்.

உதாரணத்துக்கு, 52 பேர் பெயர் கொடுத்தார்கள், முதல் நாள் 31 பேர் வந்தார்கள், இரண்டாம் நாள் 19, சேர்ந்தது 8 என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடத்தில் ஆள் குறைந்திருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு. வராமலே போன 21 பேர் பெரும்பாலும் மறந்தவர்கள், அல்லது நேரம் ஒத்துவராதவர்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் செய்திருந்தால் சிலர் வந்திருப்பார்கள். ஒருநாள் வந்துவிட்டு மறுநாள் வராத 12 பேருக்குப் பாடம் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டு நாளும் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சேராத 11 பேருக்கு வகுப்பில் குறையில்லை. ஃபீஸ், பஸ், வீடு இதில் ஏதோ ஒன்று இடிக்கிறது. நீங்கள் போன் செய்ய வேண்டியது முதலில் இந்தப் பதினொரு பேருக்கு. நம்மில் பலர் 52 பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் மெசேஜைத் தட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம்.

நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். அப்புறம் பார்த்தால் யார் யாரென்று புரிவதில்லை. – விருதுநகர்

நோட்டு இருக்கட்டும். அன்று ராத்திரியே அதை கூகுள் ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். பெயர், போன் நம்பர், முதல் நாள், இரண்டாம் நாள், பேசிய தேதி, சொன்ன பதில், பணம் கட்டிய தேதி: இந்த ஏழு பத்தி போதும். ஒரே பெயரில் மூன்று கார்த்திக் வருவார்கள். அதனால் ஆளை அடையாளம் காண போன் நம்பர்தான். அதிலும் ஒருவர் +91 போட்டு எழுதுவார், இன்னொருவர் நடுவில் இடைவெளி விடுவார். + குறியை ஷீட் ஃபார்முலா என்று எடுத்துக்கொள்ளாதபடி, போன் நம்பர் பத்தியை முதலிலேயே Plain text என்று மாற்றிவிடுங்கள். எட்டாவது பத்தியில் இதைப் போட்டால் கடைசிப் பத்து இலக்கம் மட்டும் நிற்கும்:

```
=RIGHT(SUBSTITUTE(B2," ",""),10)
```

வந்தவர்களுக்கு Y என்று குறியுங்கள். இரண்டாம் நாளும் வந்து பணமும் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று இது சொல்லும்:

```
=COUNTIFS(D2:D,"Y",G2:G,">0")
```

பணம் கட்டிய ஏழாவது பத்தியில் தேதியைத்தான் போட வேண்டும். ‘சேர்ந்துவிட்டார்’ என்று எழுதினால் கணக்கில் வராது. வராமல் இருப்பதும் நல்லதுதான், ‘சேருகிறேன் சார்’ என்றவர்களையெல்லாம் சேர்ந்தவர்களாக எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு.

இன்னொன்று: வாசலில் நுழையும்போது கையெழுத்து வாங்காதீர்கள். பாதியில் எழுந்து போனவரும் வந்தவராகிவிடுவார். வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது நோட்டைச் சுற்றில் விடுங்கள்.

டெமோவில் எந்தப் பாடம் எடுப்பது? – திருவண்ணாமலை

குரூப் 4-இல் 200 கேள்வியில் 100 தமிழ், 25 கணக்கு. தமிழை எல்லோரும் ஓரளவு தாங்களே படித்துக்கொள்வதாக நினைக்கிறார்கள், பயம் கணக்கில்தான். அதனால் தனிவட்டி போல ஒரு சின்னத் தலைப்பை முதல் நாளே ஆரம்பித்து முடித்து, பழைய வினாத்தாளிலிருந்து ஐந்து கணக்கை அவர்களையே போட வையுங்கள். வீட்டுக்குப் போகும்போது ‘இந்த ஐந்தும் எனக்கு வரும்’ என்று தெரிந்திருக்க வேண்டும். பாதி கேள்வியை மறுநாளுக்கு என்று தொங்கவிடும் தந்திரம் வேண்டாம்.

டெமோ எடுத்தவரே பேட்சையும் எடுக்க வேண்டும். இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். டெமோவை நான் எடுத்து, வகுப்புக்கு வேறு ஆசிரியரை அனுப்பினேன். இரண்டாவது வாரமே ஃபீஸைத் திருப்பிக் கேட்டு நாலு பேர் வாசலில் நின்றார்கள்.

போன் செய்தால் ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்கிறார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? – தென்காசி

அது பெரும்பாலும் உண்மை. ஃபீஸ் கட்டப்போவது அப்பாவோ அண்ணனோ கணவரோதான். ‘வீட்ல என்ன கேப்பாங்கம்மா?’ என்று கேளுங்கள். ‘எவ்வளவு ஃபீஸ்’, ‘ராத்திரி எத்தனை மணிக்கு விடுவாங்க’ என்று வந்துவிடும். பேட்ச் எட்டு மணிக்கு முடிகிறது, கடைசி டவுன் பஸ் ஏழே முக்காலுக்கு என்றால் தள்ளுபடி கொடுத்து என்ன பயன்? அந்தப் பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஷீட்டில் எழுதுங்கள். ஐந்து பேர் பஸ்ஸைச் சொன்னால் பேட்ச் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

பேச வேண்டியது இரண்டாம் நாள் வகுப்பு முடிந்த அன்று அல்லது மறுநாள். ஒரு வாரம் கழித்து அழைத்தால் ‘எந்த சென்டர் சார்?’ என்பார்கள். இரண்டு தடவை பேசியும் பிடிகொடுக்காதவரை விட்டுவிடுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது ஒரு மெசேஜ் போதும்.

‘இன்றே சேர்ந்தால் ஆயிரம் ரூபாய் குறைவு’ என்று அறிவிக்கலாமா? – கரூர்

வேண்டாம். நேற்று முழுத்தொகை கட்டியவர் அடுத்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். இரண்டு தவணையில் கட்டலாம் என்று சொல்லிப் பாருங்கள்.