ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கும்போது தனியா ஃபேமிலி பாலிசி எதுக்கு? - கேள்வி பதில்

இந்தியால இப்ப இருக்கற ரூல்ஸ வெச்சுதான் பதில் சொல்றேன், வெளிநாட்டுல இருக்கறவங்க கணக்கு வேற.

கேள்வி: ஆபீஸ்ல 5 லட்சம் கவர் இருக்கு. நான், மனைவி, 4 வயசு பொண்ணு, 1 வயசு பையன். மனைவி தைராய்டு மாத்திரை எடுக்கறாங்க. தனி பாலிசி இப்பவே எடுக்கணுமா, வேலைய விடும்போது பாத்துக்கலாமா?

இப்பவே எடுங்க. முக்கிய காரணம் வெயிட்டிங் பீரியட்தான். சொந்த பாலிசில ஏற்கனவே இருக்கற நோய்க்கு 36 மாசம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம், அதுக்கு மேல கூடாதுன்னு 2024ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மாத்திடுச்சு. பெரும்பாலான ஆபீஸ் பாலிசில இந்த காத்திருப்பே கிடையாது, அதனால ஆபீஸ் கவர் இருக்கற வரைக்கும் உங்க பாலிசியோட காத்திருப்பு உங்களுக்கு வலிக்காம ஓடி முடிஞ்சிடும். வேலைய விட்டப்புறம் வாங்கினீங்கன்னா அந்த மூணு வருஷமும் தைராய்டு சம்பந்தமா எது வந்தாலும் உங்க கைக்காசுதான்.

பசங்களுக்கு ஒரு நோயும் இல்லையேன்னு நினைக்காதீங்க, டான்சில், அடினாய்டு ஆபரேஷன்லாம் நிறைய பாலிசில ரெண்டு வருஷ காத்திருப்பு லிஸ்ட்ல இருக்கு, சின்ன பசங்களுக்கு அதானே அடிக்கடி வருது! விபத்து தவிர வேற எதுக்கும் முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறம் ப்ரபோசல் ஃபார்ம்ல தைராய்டு இருக்கு, இத்தனை வருஷமா மாத்திரை போடறாங்கன்னு எழுதிடுங்க. ஏஜென்ட் "சின்ன விஷயம் சார், விட்ருங்க"ன்னு சொல்வார், கிளெய்ம் ரிஜெக்ட் ஆகும்போது அவர் வரமாட்டார்.

கேள்வி: நான் மூணு கம்பெனி மாறிட்டேன், எல்லாத்துலயும் ஜாயின் பண்ண அன்னிக்கே கவர் வந்துச்சு. எதுக்கு வீணா டபுள் பிரீமியம்?

நீங்க சொல்றது பாதி சரி, புது கம்பெனி அன்னிக்கே கவர் குடுக்கறது உண்மைதான். ஆனா பழைய கவர் பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். அடுத்த ஜாயினிங் வரைக்கும் நடுவுல இருக்கற நாள்ல குழந்தைக்கு நிமோனியான்னு அட்மிட் பண்ணா என்ன செய்வீங்க? இன்னொண்ணு, குடும்பத்து பேரெல்லாம் சேர்க்க ஹெச்ஆர் போர்ட்டல்ல ஒரு கெடு வெச்சிருப்பாங்க, அத விட்டா சில இடத்துல அடுத்த ரினியூவல் வரைக்கும் குழந்தை பேர் ஏறாது. சேர்ந்த வாரமே இ-கார்டு டவுன்லோட் பண்ணி நாலு பேர் பேரும் பிறந்த தேதியும் சரியா இருக்கான்னு பாருங்க.

கேள்வி: முழு பாலிசிக்கு பிரீமியம் ஜாஸ்தியா இருக்கு. ஆபீஸ் 5 லட்சத்துக்கு மேல சூப்பர் டாப்-அப் மட்டும் போட்டா போதாதா?

வேலை இருக்கற வரைக்கும் அருமையா வேலை செய்யும். 5 லட்சம் டிடக்டிபிள் வெச்ச, அதாவது முதல் 5 லட்சம் போக மீதிய மட்டும் குடுக்கற சூப்பர் டாப்-அப் இருக்கு, பில் 7 லட்சம் வந்துச்சுன்னு வைங்க. ஆபீஸ் 5 குடுக்கும், டாப்-அப் 2 குடுக்கும், உங்க கையில இருந்து பெருசா எதுவும் போகாது. அதே பில் வேலை போன மாசத்துல வந்தா டாப்-அப் அப்பவும் 2 தான் குடுக்கும், முதல் 5 லட்சம் நீங்கதான் கட்டணும். அதனால சின்னதா ஒரு சொந்த பாலிசி, அதுக்கு மேல டாப்-அப், இதான் என் சாய்ஸ். கையில 5 லட்சம் எப்பவும் ரெடியா வெச்சிருக்கறவர் டாப்-அப் மட்டும் எடுத்தா நான் தப்பு சொல்லமாட்டேன்.

கேள்வி: எங்கம்மாவுக்கு 63, சுகர் இருக்கு, அவங்களையும் இதே ஃபேமிலி பாலிசில சேர்த்துடலாம்ல?

வேணாம். குடும்பத்துக்கே ஒரே பாலிசியா எடுக்கற ஃப்ளோட்டர்ல பெரும்பாலும் மூத்தவர் வயச வெச்சுதான் பிரீமியம் போடுவாங்க, கவரும் எல்லாருக்கும் பொதுவாதான் இருக்கும். அம்மாவுக்கு தனியா எடுங்க.

கேள்வி: நான் பேப்பர் போட்டாச்சு, பத்து நாள்ல லாஸ்ட் டே. சொந்த பாலிசி எதுவும் இல்ல. ஏதாவது வழி இருக்கா?

இருக்கு, இன்னிக்கே ஆரம்பிங்க. ஆபீஸ் பாலிசி எந்த கம்பெனியோடதோ அதே கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறிக்கற மைக்ரேஷன் கேட்கலாம், ஆபீஸ் குரூப் பாலிசில நீங்க இருந்த வருஷங்கள பழைய கவர் தொகை அளவுக்கு காத்திருப்புல கழிச்சுக்குவாங்க. ஹெச்ஆர்கிட்ட நீங்க கவர்ல இருந்த தேதிகளோட லெட்டர் வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில்லயே எழுதுங்க, ஃபோன்ல பேசினதுக்கு சாட்சி இருக்காது.

அதே நபர்: ஃபோன் பண்ணேன், மெடிக்கல் செக்கப் பண்ணிட்டுதான் சொல்லுவோம்னாங்க. ரிஜெக்ட் பண்ணிட்டா?

அந்த ரிஸ்க் இருக்கு, பிரீமியம் ஏத்தவும் செய்யலாம். அதனால இத மட்டும் நம்பாம இன்னொரு கம்பெனிலயும் புதுசா அப்ளை பண்ணி வைங்க, அங்க காத்திருப்பு முதல்ல இருந்து ஆரம்பிக்கும், ஆனா விபத்துக்காவது உடனே கவர் கிடைக்கும். செக்கப் ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.